டைட்டிலுக்கு முந்தைய 2 நிமிடங்கள்: ஆவணப்படத்துக்கு கோல்ட் ஓபன் கட்டுவது எப்படி

உடன்குடிப் பக்கம் ஒரு பனையேறியையும் அவர் மகனையும் பற்றி 52 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடிட் செய்தேன். கையில் இருந்த ஃபுட்டேஜ் 38 மணி நேரம். அதில் நான் அதிக நாள் செலவழித்தது முதல் 2 நிமிடங்களுக்குத்தான். அந்த 2 நிமிடத்தை மூன்று முறை கட்டினேன், இரண்டு முறை கலைத்தேன். அந்தப் படத்தையே உதாரணமாக வைத்து, கோல்ட் ஓபன் கட்டும் முறையை முதலிலிருந்து சொல்கிறேன்.

கோல்ட் ஓபன் என்றால் படத்தின் பெயர் திரையில் வருவதற்கு முன், எந்த அறிமுகமும் இல்லாமல் ஓடும் பகுதி. இடம், ஆள், வருடம் எதுவும் சொல்லாமல் பார்வையாளரை நேரே ஒரு சம்பவத்துக்குள் இறக்கிவிடுவோம். அவர் மனதில் ஒரு கேள்வி விழுந்ததும் டைட்டில். ட்ரெய்லரோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். ட்ரெய்லர் படத்துக்கு வெளியே நின்று ஆள் கூப்பிடுவது. கோல்ட் ஓபன் படத்தின் முதல் காட்சி. ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டவரிடம் பேசுவது. ட்ரெய்லரில் பத்து நல்ல ஷாட்டுகளை அடுக்கலாம். இங்கே அடுக்கினால், முதல் காட்சியே எதிலும் நிலைக்காமல் போய்விடும்.

எப்போது கட்டுவது

ரஃப் கட் முடிந்த பிறகு. எடிட்டின் முதல் நாளே தொடக்கத்தைக் கட்ட உட்காராதீர்கள். படம் எதைப் பற்றியது என்பது முழு நீளத்தையும் ஒருமுறை தட்டுத்தடுமாறிக் கோத்த பிறகுதான் தெரியும். எங்கள் படம் பனைத் தொழில் அழிந்துவருவதைப் பற்றியது என்றே படப்பிடிப்பு முழுக்க நினைத்திருந்தோம். ரஃப் கட்டைப் போட்டுப் பார்த்தபோது எல்லாக் காட்சியும் ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது: மகன் மரம் ஏறுவானா, மாட்டானா?

அந்தக் கேள்வியை ஒரே வாக்கியமாகத் தாளில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டுங்கள். ‘தொழில் நலிவு’ என்று எழுதினால் அது தலைப்பு, கேள்வி ஆகாது. கேள்வியில் ஓர் ஆள் இருக்க வேண்டும், அவர் செய்யப்போகும் ஒரு காரியம் இருக்க வேண்டும், அதற்கான பதில் படத்துக்குள் எங்கேயாவது இருக்க வேண்டும். பதில் இல்லாத கேள்வியோடு தொடங்கினால் 52 நிமிடம் கழித்துப் பார்வையாளர் வெறுங்கையோடு எழுந்துபோவார்.

வலுவான தருணங்களைப் பொறுக்குவது

ரஃப் கட்டையும், அதில் இடம்பெறாத நல்ல துண்டுகளையும் ஒரே மூச்சில் பாருங்கள். குறிப்பு எழுத வேண்டாம், மார்க்கர் போட வேண்டாம். மறுநாள் காலையில், எதையும் திறப்பதற்கு முன், நினைவிலிருந்து எழுதுங்கள். ஒரு ராத்திரி தாண்டியும் மனதில் நிற்பதுதான் வலுவான தருணம். பார்க்கும்போதே குறித்தால் நாம் பட்ட பாடும் சேர்ந்து குறிக்கப்பட்டுவிடும். விடியலில் பனங்காட்டின் மேல் ட்ரோன் பறக்கவிட மூன்று நாள் காத்திருந்தோம். அதனாலேயே அந்த ஷாட் எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது. மறுநாள் எழுதிய பட்டியலில் அது இல்லவே இல்லை.

என் பட்டியலில் இருந்தவை நான்கு.

ஒன்று, பெரியவர் ஒரு பனையின் அடியில் நின்று, தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னது: “எங்கண்ணன் இதுலருந்துதான் விழுந்தாவ.” சொல்லிவிட்டு அதே மரத்தில் ஏறினார்.

இரண்டு, அவர் உச்சியில் இருந்தபோது பதிவான சத்தம். அவர் வேட்டி மடிப்பில் வயர்லெஸ் மைக் செருகியிருந்தோம். மூச்சு வாங்குவதும் அரிவாள் பாளையைச் சீவுவதும் காதோரம் கேட்பதுபோல விழுந்திருந்தன. கேமரா மட்டும் தரையில் நின்றது.

மூன்று, மேலிருந்து அவர் மகனைக் கூப்பிட்டது: “ஏல, சுண்ணாம்பு தீந்துட்டு. கொண்டு வாறியா?” பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவ வேண்டும், அது இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் கள்ளாகிவிடும். மகன் கீழே சுண்ணாம்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

நான்கு, அவர் மனைவி பதநீர் காய்ச்சும் அடுப்பின் முன் உட்கார்ந்து, மகன் சென்னையில் டெலிவரி வேலைக்குப் போனதையும் திரும்பி வந்ததையும் சொல்லும் பேட்டி. குரல் உடையும் இடம்.

தேடும்போது காதையும் பயன்படுத்துங்கள். படத்தை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் ஓடவிட்டால், கண்ணுக்குச் சாதாரணமாகப் பட்ட துண்டுகள் சில தனியாக எழுந்து நிற்கும். பாளை சீவும் சத்தம் எனக்கு அப்படித்தான் அகப்பட்டது.

எதைத் திறந்து காட்டுவது, எதைப் பிடித்து வைப்பது

இந்த வேலையின் கஷ்டமே இங்கேதான் இருக்கிறது. பொறுக்கிய ஒவ்வொரு தருணத்தையும் எடுத்து இரண்டு விஷயம் பாருங்கள். முன்கதை தெரியாதவருக்கு இது புரியுமா? இதைத் தொடக்கத்தில் காட்டிவிட்டால் பின்னால் எந்தக் காட்சி செத்துப்போகும்?

மனைவியின் பேட்டி முதல் சோதனையிலேயே விழுந்தது. அந்தக் கண்ணீர், அவரோடு அரை மணி நேரம் பழகிய பிறகு நம்மை உலுக்கும். முதல் நிமிடத்தில் வந்தால், யாரோ ஒரு அம்மா அழுகிறார் என்று கூச்சத்தோடு பார்த்துக்கொண்டிருப்போம். ஆவணப்படங்களில் அடிக்கடி நடக்கும் தவறு இது: படப்பிடிப்பில் நம்மை அழவைத்ததை எடுத்து முதலில் வைப்பது. நாம் அழுதது அந்த ஆளைத் தெரிந்திருந்ததால். பார்வையாளருக்கு அந்த ஆளை இன்னும் தெரியாது.

முதல் மூன்றும் யாருக்கும் புரியும். ஒருவர் ஒரு மரத்தைக் காட்டி இதிலிருந்துதான் அண்ணன் விழுந்தார் என்கிறார், பிறகு அதிலேயே ஏறுகிறார். இதைப் புரிந்துகொள்ள எந்த முன்கதையும் வேண்டாம்.

அடுத்தது, பின்னால் என்ன ஆகும் என்ற கணக்கு. சுண்ணாம்புக் காட்சி ரஃப் கட்டில் 41-ஆவது நிமிடத்தில் இருந்தது. படத்தின் உச்சமே அதுதான். முழுதாக முன்னால் கொண்டுவந்தால் உச்சத்தைச் செலவழித்துவிட்டோம். இரண்டு இடத்திலும் முழுதாக வைத்தால், 41-ஆவது நிமிடத்தில் ‘இதைத்தான் பார்த்தோமே’ என்று பார்வையாளர் ஃபோனை எடுப்பார். மூன்றாவது வழி, காட்சியை நடுவில் வெட்டுவது. கேள்வி கேட்கப்படும் பாதியைத் தொடக்கத்தில் வைத்துவிட்டு, பதில் வரும் பாதியைப் பின்னால் பிடித்து வைப்பது.

அப்படி வெட்டினால், பின்னால் அந்தக் காட்சிக்குத் திரும்பும்போது பழைய ஷாட்டுகளையே போடக் கூடாது. எங்களிடம் இரண்டு கேமரா இருந்தது அதிர்ஷ்டம். தொடக்கத்தில் தரையிலிருந்து, மகன் பக்கம் நின்று பார்த்தோம். 41-ஆவது நிமிடத்தில் தூரத்து வரப்பிலிருந்து, மரமும் இருவரும் ஒரே ஃப்ரேமில் தெரியும்படி பார்க்கிறோம். பார்வையாளர் அந்த இடத்தை அடையாளம் கண்டுகொள்ள 3 விநாடி போதும்: “கொண்டு வாறியா?” என்ற குரல் மட்டும் திரும்ப வருகிறது. பிறகு பதில். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானே இறங்கி வந்து, டப்பாவை வாங்கிக்கொண்டு, மறுபடி ஏறுகிறார். மகன் நின்ற இடத்திலேயே நிற்கிறான்.

ஒரு கேமராதான் இருந்தது என்றால், அதே ஷாட்டின் முன்பாதி தொடக்கத்துக்கு, பின்பாதி பின்னால் என்று பிரியுங்கள். இரண்டுக்கும் 2, 3 விநாடிக்கு மேல் பொதுவாக இருக்க வேண்டாம்.

நான் கெடுத்த இரண்டு வடிவங்கள்

முதல் வடிவம் 3 நிமிடம் 40 விநாடி ஓடியது. ட்ரோன் ஷாட், மெல்லிசை, ஐந்து பேர் பேட்டியிலிருந்து ஐந்து கனமான வாக்கியங்கள். நடுவில் ஒரு எழுத்து அட்டை: பனை தமிழ்நாட்டின் மாநில மரம் என்றும், அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும். பார்த்த நண்பர் சொன்னது ஒரு வரிதான்: “சரி, படம் எப்ப ஆரம்பிக்கும்?” தகவல் எதுவும் தப்பில்லை. ஆனால் ஐந்து பேர் ஐந்து வாக்கியம் சொன்னால் கேட்பவருக்கு யாரைப் பின்தொடர்வது என்று தெரியாது. அந்த அட்டை கடைசியில் 9-ஆவது நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒருவர் மரத்தை வெட்டி விற்கலாமா என்று யோசிக்கிறார், அந்த அனுமதி விவரம் அவருக்கே தேவைப்படுகிறது.

இரண்டாவது வடிவம் அதைவிட மோசம், ஆனால் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. அண்ணன் விழுந்த வரி, ஏற்றம், பாளை சீவும் சத்தம். திடீரென்று சத்தம் நிற்கிறது. மகன் நிமிர்ந்து பார்க்கிறான். கருப்பு. டைட்டில். பார்த்த ஐந்து பேரும் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். டைட்டிலுக்கு அடுத்த காட்சியில் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தார். ஒருவர் முகத்தில் எரிச்சல் அப்பட்டமாகத் தெரிந்தது. அவர் விழுந்துவிட்டாரோ என்ற பயத்தை எழுப்பிவிட்டேன், படத்திலோ அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அந்தப் படத்தின் கேள்வி அது இல்லையே. எழுப்பும் கேள்வி பொய்யாக இருந்தால் அடுத்த பத்து நிமிடம் பார்வையாளர் நம்மை நம்ப மாட்டார். இன்னொன்று, அண்ணனை இழந்த குடும்பத்தின் முன் விழுவதை வைத்து விளையாடுவது அசிங்கமும்கூட.

சரிசெய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு இடம்தான். சத்தம் நின்ற பிறகு கருப்புக்குப் போகாமல் 4 விநாடி காத்திருந்து அவர் குரலை வரவிட்டேன். பயம் அந்த இடத்திலேயே கரைந்து, கேள்வி மகன் பக்கம் திரும்பிவிட்டது.

மூன்றாவது வடிவம், விநாடிக் கணக்கில்

ரஃப் கட்டின் டைம்லைனில் கைவைக்காமல், கோல்ட் ஓபனுக்குத் தனி டைம்லைன் திறந்து, ஒவ்வொரு வடிவத்தையும் நகலெடுத்து எண் போடுங்கள். என் கோப்புப் பெயர்கள் `CO_v01_3m40`, `CO_v02_1m50`, `CO_v03_2m00` என்று நீளத்தோடு சேர்ந்தே இருந்தன. பழையதிலிருந்து ஒரு வெட்டை மீட்க வேண்டிய நாள் கண்டிப்பாக வரும்.

முதல் 12 விநாடி திரை கருப்பு. மட்டையும் மரப்பட்டையும் உரசும் சத்தம், மூச்சு. 12-ஆவது விநாடியில் பனையின் கருத்த உடம்பில் ஒரு கை. அண்ணனைப் பற்றிய அந்த வரி. தளைநார் காலில் ஏறுகிறது. 40-ஆவது விநாடியிலிருந்து ஏற்றம். கேமரா அடிமரத்திலேயே நிற்க, கால்கள் ஃப்ரேமை விட்டு மேலே போய்விடுகின்றன. அதன் பிறகு அவரைக் காட்டவே இல்லை. 1 நிமிடம் 15-இல் மகன் முகம். காதில் மேலே நடப்பது, கண்ணில் கீழே நிற்பவன். 1:35-இல் சத்தம் நிற்கிறது. 1:39-இல் குரல். 1:46-இல் மகன் கையில் இருக்கும் டப்பா, பிறகு அவன் கண்கள், அசைவில்லாமல் 9 விநாடி. 1:55-இல் கருப்பு, 2:00 வரை டைட்டில்.

அவரை உச்சியில் காட்டும் ஷாட் ஒன்று எங்களிடம் அழகாக இருந்தது. அதை எடுத்துவிட்ட பிறகுதான் இந்த 2 நிமிடம் நின்றது. உச்சியைக் காட்டினால் நாம் அவரோடு மேலே போய்விடுவோம். காட்டாவிட்டால் மகன் நிற்கும் இடத்தில் நாமும் மாட்டிக்கொள்வோம்.

ஒலியில் ஒரு நேர்மைக் கணக்கு உண்டு. பாளை சீவும் சத்தமும் மகன் முகமும் ஒரே காலையில், ஒரே நேரத்தில் பதிவானவை. சத்தத்தை நாலு விநாடி முன்னே பின்னே நகர்த்தியிருக்கிறேன், அவ்வளவுதான். வேறொரு நாள் வேறு எதையோ பார்த்து அவன் முழித்த முழியை எடுத்து அந்தக் குரலுக்குப் பின்னால் ஒட்டியிருந்தால், அவன் அப்பாவுக்குச் சொல்லாத பதிலை நான் சொல்லவைத்தது போலாகும். பேட்டி வாக்கியங்களிலும் இதே கதைதான். இரண்டு பதில்களின் துண்டுகளைச் சேர்த்து ஒரு வாக்கியம் செய்து, ஒட்டு தெரியாமல் மேலே வேறு படம் போட்டு மூடுவது கோல்ட் ஓபனில்தான் அதிகம் நடக்கிறது, ஏனென்றால் இங்கே இடம் குறைவு. ஒட்டாமல் சொல்ல முடியாத வாக்கியத்தை விட்டுவிடுங்கள்.

இசையைக் கடைசியில் யோசியுங்கள். இசை இல்லாமல் தொடக்கம் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கோளாறு வெட்டுகளில் இருக்கிறது. எங்களுக்கு டைட்டில் வரை இசை தேவைப்படவில்லை. அதே சமயம், மூச்சும் உரசலும் தியேட்டரில் கேட்டது, ஃபோனில் போட்டுப் பார்த்தபோது முதல் 12 விநாடி படம் வரவில்லை என்று ஒருவர் நிறுத்தி மறுபடி தட்டினார். இணையத்துக்குப் போகும் பிரதியில் அந்தக் கருப்பை 5 விநாடியாகக் குறைத்து, உரசல் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கினேன்.

டைட்டிலுக்குள் போவதும் வெளியே வருவதும்

கடைசி ஷாட்டை எங்கே வெட்டுவது என்பதை ஃப்ரேம் கணக்கில் தேட வேண்டியிருக்கும். மகன் 9 விநாடி நிற்கும் ஷாட் உண்மையில் 22 விநாடி ஓடுகிறது. 14-ஆவது விநாடியில் அவன் கண்ணைத் தாழ்த்துகிறான். அதுவரை விட்டால் பதில் கிடைத்துவிடும், மாட்டான் என்று தெரிந்துவிடும். 6-இல் வெட்டினால் கேள்வி அவனைச் சேர்ந்ததாகவே தெரியவில்லை. அவன் மூச்சை உள்ளே இழுக்கும் இடத்துக்கு அரை விநாடி முன்னால் வெட்டினேன். பொதுவாகவே ஓர் ஆள் ஏதோ செய்யப்போகிறார் என்று உடம்பு சொல்லி, செய்கை இன்னும் தொடங்காத இடம்தான் நல்ல வெட்டு.

பிறகு 12 ஃப்ரேம் கருப்பு, 25 ஃப்ரேம் ஓட்டத்தில் கிட்டத்தட்ட அரை விநாடி. அதற்குப் பின் எழுத்து. எழுத்து நேரடியாக முகத்தின் மேல் விழுந்தால் பார்வையாளர் படிக்கத் தொடங்கிவிடுவார், முகம் மறந்துபோகும். டைட்டிலை மனதுக்குள் இரண்டு முறை நிதானமாகப் படித்து முடிக்கும் நேரம் நிறுத்தினால் போதும்.

டைட்டிலுக்குப் பின் வரும் காட்சியைப் பலர் கவனிப்பதில்லை. உச்சத்திலிருந்து இறங்கியதும் நேரே பேட்டிக்குப் போனால் படம் தொய்ந்துவிடும். ‘மூன்று மாதங்களுக்கு முன்’ என்று அட்டை போடுவதும் பெரும்பாலும் தேவையில்லை. ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும் காட்சியாக இருந்தால் பார்வையாளர் தானே காலத்தைப் புரிந்துகொள்வார். திண்ணையையும் டீயையும் தூக்கிவிட்டு, விடியற்காலை இருட்டில் மனைவி அடுப்பு பற்றவைப்பதை வைத்தோம். அடுத்த அறையில் மகன் தூங்குகிறான், யாரும் எழுப்பவில்லை. எழுப்பிய கேள்வி அப்படியே தொடர்கிறது, இடமும் ஆட்களும் மெதுவாக அறிமுகமாகிறார்கள்.

சோதித்துப் பார்ப்பது

படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஐந்து பேரைப் பிடியுங்கள். சினிமாக்காரர்கள் வேண்டாம், அவர்கள் வெட்டைப் பற்றிப் பேசுவார்கள். தனித்தனியாக உட்காரவைத்து, டைட்டில் வந்ததும் நிறுத்தி, ஒரே கேள்வி: “இப்ப உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?” நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள், இருந்தது என்றுதான் சொல்வார்கள். வரும் பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, மானிட்டரில் ஒட்டிய வாக்கியத்தின் பக்கத்தில் வையுங்கள்.

மூன்றாவது வடிவத்துக்கு எனக்குக் கிடைத்த பதில்கள்: பையன் ஏறுவானா, அவனுக்கு ஏறத் தெரியுமா, அப்பா ஏன் அவனைக் கூப்பிட்டார், பெரியப்பா எப்போது விழுந்தார், இது எந்த ஊர். முதல் மூன்றும் ஒட்டிய கேள்வியோடு ஒத்துப்போகின்றன. நான்காவதற்குப் படத்தில் பதில் இருந்தது, ஆனால் 30-ஆவது நிமிடத்தில். அதை 12-ஆவது நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன். ஐந்தாவது பதில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்ததால் விட்டுவிட்டேன். மூன்று பேர் ஊரைக் கேட்டிருந்தால், காட்சி அவர்களைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டிருப்பேன்.

இனி வெட்டு எதுவும் மாறாது என்று படம் லாக் ஆன பிறகு தொடக்கத்தை இன்னொரு முறை பாருங்கள். நடுவில் வெட்டிய ஏதாவது ஒரு காட்சிதான் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குப் பதிலாக இருந்திருக்கும்.

கடைசியாக, திரையில் இருப்பவர்களுக்குக் காட்டுவது. கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவம் இதற்கு ஈடாகாது. பேட்டி கொடுத்தபோது அந்த வரி படத்தின் முதல் வரியாகும் என்று அவர்களுக்குத் தெரியாது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். பெரியவர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மகன்தான் கேட்டான், “பெரியம்மாட்ட காட்டினீங்களா?” நாங்கள் யோசிக்கவே இல்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த அந்த அம்மாவிடம் போய்ப் போட்டுக் காட்டினோம். வரி இருக்கட்டும் என்றார். ஆனால் அந்த வரிக்குப் பிறகு கேமரா மரத்தின் அடியில் மண்ணைக் காட்டும் ஒரு ஷாட் 2 விநாடி இருந்தது, அதை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அன்று இரவே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கை மரத்தில் இருக்கும் ஷாட்டை நீட்டினேன்.